அணைத்து வைத்த மணி

வயர்மேனுக்குக் கைபேசி என்றாலே ஆகாது. நாற்பது வருஷம் மின்கம்பியோடு மாரடித்த மனுஷன். ஒரு கம்பி எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். கம்பியே இல்லாமல் காரியம் பண்ணுகிற சாமானை என்ன என்று நம்புவது? அவரிடம் இருந்ததும் பொத்தான் வைத்த பழைய கைபேசிதான். அப்படிப்பட்டவர் கையில், அக்கா மகள் அனுப்பிய தொடுதிரைக் கைபேசியைக் கொடுத்து, "நீங்கதான் மாமா அப்பாவுக்கு இதை ஒழுங்கு பண்ணித் தரணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

முடியாது என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்த நேரம் வாய் வரவில்லை. காரணம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழுந்தவள் கத்தியிருக்கிறாள். பின்னறையில் அத்தான் தையல் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒரு சுவர். அத்தானுக்குக் கேட்கவில்லை. தகரம் அடிக்கிற ஆலையில் முப்பது வருஷம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்தவர் அவர். காதுக்குள் வைக்கிற கருவியும் வாங்கிப் பார்த்தாயிற்று. இரைச்சல்தான் பெரிதாகிறதே தவிரப் பேச்சு பிடிபடவில்லை என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அக்கா முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். இரண்டு மாசம் கட்டிலை விட்டுத் தனியாக இறங்கக் கூடாது. அன்றைக்கே வயர்மேன் சொல்லிவிட்டார், அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று. "இந்த மனுஷனை நம்பி உன்னை விட்டுட்டுப் போக எனக்கு என்ன பைத்தியமா?" அக்கா மாட்டேன் என்றாள். அக்கா மகள் தூரத்து ஊரில் இருந்து போனிலேயே நடுவே வந்தாள். "ஒரு வாரம் பார்ப்போம் மாமா. அம்மா கூப்பிட்டா அப்பாவுக்குத் தெரியிற மாதிரி போன்ல வசதி இருக்கு. அது சரிப்படலைன்னா அம்மா உங்க வீட்டுக்கு வரட்டும். நானே அனுப்பி வைக்கிறேன்."

ஒரு வாரம். அதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர்மேன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பழைய கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மறுமுனையில் மருமகள், அந்த அக்கா மகள்தான்.

"அமைப்புகளுக்குள்ள போங்க மாமா. அணுகல்தன்மைன்னு இருக்கும்."

"இருக்கு, இருக்கு. குத்திட்டேன்."

"மெதுவா குத்துங்க, அது சுவிட்ச் இல்ல. கீழ வாங்க. ஒலி அறிவிப்புகள்னு ஒண்ணு. ஆன் பண்ணுங்க."

ஆன் பண்ணினார். மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்டது. அடுத்த பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. வயர்மேன் அதை அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: ஆபத்து நேரத்தில் இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது.

"பாத்தியா? செஞ்சவனே நம்பாதங்கிறான்."

"நீ படிச்சுக் கிழிச்சது போதும், மேல வேலையைப் பாரு" என்றாள் அக்கா.

பட்டியல் வந்தது. கதவு தட்டும் சத்தம், அழைப்பு மணி, தண்ணீர் ஓடும் சத்தம், புகை எச்சரிக்கை, குழந்தை அழுகை, நாய் குரைப்பு. ஒவ்வொன்றுக்கும் நேராகச் சின்னப் பொத்தான். வேண்டியதை வைத்துக்கொண்டு குழந்தையையும் நாயையும் அணைத்தார்கள். ஆனால் அக்கா கூப்பிடுவதற்குப் பட்டியலில் எதுவும் இல்லை.

அத்தான்தான் வழி கண்டுபிடித்தார். பின்னறைக்குப் போய்ப் பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில், அக்காவின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துத் திருகி முடுக்கினார். நாமாகவே ஒரு சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. இருபது விநாடி அக்கா மணியை அடித்துக்கொண்டே இருக்க, கைபேசி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பெயர் என்ன வைப்பது என்று கேட்டது. வயர்மேன் ஒற்றை விரலால் தேடித் தேடி 'மணி' என்று அடித்தார்.

பிறகு சோதனை. அத்தான் பின்னறையில் உட்கார்ந்து கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டார். அக்கா மணியடித்தாள். ஒன்றும் இல்லை. வயர்மேன் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். "நான்தான் சொன்னேனே."

"கதவைச் சாத்தியிருப்பாரு மாமா" என்றாள் மருமகள் தொலைபேசியில். "போனுக்குக் கேட்டாத்தானே அப்பாவுக்குச் சொல்லும்? கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க."

கதவைத் திறந்து வைத்தார்கள். அக்கா மறுபடி அடித்தாள். கைபேசி மேசையில் துள்ளித் துள்ளி அதிர்ந்தது. பின்பக்கத்து விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. திரையில் 'மணி'. அத்தான் திடுக்கிட்டு எழுந்து, கையில் ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்து அக்கா முன்னால் நின்றார்.

"கூப்டியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

அக்கா சிரித்தாள். விழுந்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். வயர்மேனும் சிரித்து வைத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மருமகள் விடவில்லை. "இன்னொண்ணு இருக்கு மாமா. பேசினா உடனே எழுத்தாக் காட்டும். அதையும் போட்டுக் குடுத்துடுங்க. மொழிக்குத் தமிழ் வைங்க. அதுக்கு மட்டும் நெட் இருக்கட்டும், இல்லாட்டி தப்புத் தப்பா எழுதும்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எழுதத் தெரியாது. அத்தானுக்குக் கேட்காது. பதினோரு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் முக்கியமான பேச்சு எல்லாம் வயர்மேன் வழியாகத்தான் போய்வந்தது. சோறு, தண்ணி, மாத்திரைக்கெல்லாம் கைச்சாடை போதும். அதற்கு மேல் என்றால் தம்பி வர வேண்டும். அக்கா சொல்லுவாள், வயர்மேன் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். அவசரத்துக்கு நாலு வரியை ஒரு வரி ஆக்குவார். பல நாள் அந்த ஒரு வரியும் அவருடையதாகவே இருக்கும்.

எழுத்துக் காட்டுகிறதைத் திறந்து, கைபேசியை அக்காவின் மடியில் வைத்தார். "பேசு."

"என்னத்தைப் பேச?" என்றாள் அக்கா.

திரையில் 'என்னத்தை பேச' என்று பெரிய எழுத்தில் வந்து நின்றது. அத்தான் குனிந்து படித்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"எதையாவது பேசு!" என்று கத்தினார்.

அக்கா முதலில் கால் வலியைச் சொன்னாள். தலையணை உயரம் என்றாள். பிறகு வாய் திறந்துகொண்டது. மிஷினே கதியென்று கிடக்கிறீர்களே, முதுகு என்னத்துக்கு ஆகும் என்றாள். மகளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். கைபேசி சிலதைத் தப்பாக எழுதியது, சிலதை முழுங்கியது. எழுதியதை எல்லாம் அத்தான் சுண்டுவிரலை வைத்துப் படித்தார்.

"மகளைப் பாக்கணும்னா அன்னிக்கே போயிருக்கலாமே! ஒரு மாசம் வந்து இருங்கன்னு அவ கூப்பிட்டா, நீதானே வேணாம்னே?"

"நான் எப்ப வேணாம்னேன்? நீங்களும் வந்தா வரேன்னு சொன்னேன். தனியா மாட்டேன்னு சொன்னேன்."

அத்தான் படித்தார். உதடு அசைந்தது. இன்னொரு தரம் படித்தார். பிறகு மெல்லத் திரும்பி மச்சினனைப் பார்த்தார். "மாப்ள. அவ போகலைன்னு சொல்றா, விட்டுடுங்கன்னு எழுதிக் காட்டுனியே?"

"எப்பவோ நடந்தது அத்தான். சரியா நெனைவில்ல."

இது அப்படியே திரையில் ஏறியது. வயர்மேன் தன் பேச்சைத் தானே படித்தார். நல்லாவே இல்லை.

அத்தான் வயர்மேனின் தோளில் தட்டி, "விடு, நாலு பேரு சொல்றதை ஒருத்தன் எழுதினா அப்படித்தான்" என்று டீ போடப் போனார். போகும்போது கைபேசியை வயர்மேனிடம் கொடுத்து, "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு" என்றார்.

வயர்மேன் கூடத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம். உள்ளே அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய வீடு ஞாபகம் வந்தது. பெண்டாட்டி போய் ஒரு வருஷம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. அக்கா வந்தால் மாடி அறையில் ஜன்னல் பக்கம் கட்டில் போடலாம் என்று ஏற்கெனவே ஒரு விளக்கும் விசிறியும் மாட்டி வைத்திருந்தார். இந்த ஒரு வாரம் நன்றாகப் போனால் அந்த விசிறி யாருக்குச் சுத்தும்?

ஒலி அறிவிப்பைத் திறந்தார். பட்டியல். கடைசியில் 'மணி'. நேராக நீலப் பொத்தான். மைக்கு நாள் பூரா திறந்தே கிடக்கிறது, எவன் கேட்கிறானோ, பேட்டரி வேறு போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். மைக்குக்குப் பயந்தவர் மொத்தத்தையும் அல்லவா அணைக்க வேண்டும்? மணி ஒன்றை மட்டும் அழுத்தினார். நீலம் போய்ச் சாம்பல் நிறம் ஆனது. கதவு தட்டினால் இன்னும் அதிரும். யாருக்கும் சந்தேகம் வராது.

"எல்லாம் சரியா இருக்கு அத்தான்" என்று கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. கால் வரவில்லை என்பதுதான் நிஜம். வேறு ஒரு வீட்டில் மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தச் சுவிட்சு எதற்கு என்று இரண்டு தரம் குழம்பினார். புதன்கிழமை போய்த் திரும்ப ஆன் பண்ணிவிடலாம் என்று நினைத்தார். புதன்கிழமை சாயங்காலம் அக்கா மகள் கூப்பிட்டாள். அழுதாள்.

நடந்தது இதுதான். திங்களும் செவ்வாயும் அத்தானே பழையபடி அடிக்கடி வந்து பார்த்ததால் மணிக்கு வேலை வரவில்லை. புதன் மத்தியானம் அக்காவுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. மணியடித்தாள். அத்தான் வரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல் தானே காலை இறக்கப் பார்த்துச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சரிந்ததால் தகடு அசையவில்லை. ஆனால் ஒன்றேகால் மணி நேரம் நனைந்த துணியோடு அங்கேயே இருந்திருக்கிறாள். கை எட்டும்போதெல்லாம் மணியை அடித்திருக்கிறாள். அந்தச் சத்தம் கீழ்வீட்டு டீச்சருக்குக் கேட்டது. மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள். உடனே அத்தான் முன்னால் கைபேசி அதிர்ந்தது: கதவு தட்டும் சத்தம். எழுந்து போய்த் திறந்து, "வாங்க டீச்சர், மிஷின் ரெடி ஆகலையே" என்றாராம். டீச்சர் பேசாமல் அவர் கையைப் பிடித்து அக்கா இருக்கிற அறைக்கு இழுத்துப் போயிருக்கிறாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் மாமா. நாளைக்கு வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மருமகள்.

அவர் நினைத்தது நடந்துவிட்டது. இரவுச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை காலையில் வண்டி பிடித்துக்கொண்டு போனார். வண்டிக்காரரும் அவருமாக அக்காவை நாற்காலியோடு இறக்குவதாக ஏற்பாடு. மேலே போனால் அத்தான் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. மேலே ஒரு காகிதம். எந்த மாத்திரை காலை, எந்த மாத்திரை சாப்பிட்ட பின், எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், தலையணை எத்தனை. குண்டு குண்டான எழுத்து. கடைசி வரியில், ராத்திரி ஒரு தரம் தண்ணி கேப்பா, கூச்சப்படுவா, நீயாக் கேளு.

வயர்மேன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வண்டியில் போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி வந்தார். அத்தான் கூடத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"மாப்ள, இங்க பாரு." திரையை நீட்டினார். சத்தங்களின் பதிவு. எந்த நேரம் எது கேட்டது என்று வரிசையாக இருந்தது. கதவு தட்டும் சத்தம், தண்ணீர், கதவு. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மணி என்று ஒன்றுகூட இல்லை. "ராத்திரி பூரா தேடிக் கண்டுபிடிச்சேன். மணிக்கு நேரா மட்டும் அணைஞ்சிருக்கு. என் கைதான் பட்டிருக்கு. கிரீஸ் கை. எப்ப அழுத்தினேன்னே தெரியல."

வயர்மேன் அந்தச் சாம்பல் நிறப் பொத்தானைப் பார்த்தார்.

"முந்தியெல்லாம் கால் மணிக்கு ஒரு தரம் எந்திரிச்சுப் போய் அவளைப் பாப்பேன். இது வந்தும் ரெண்டு நாள் போய்ப் பாத்தேன். நேத்துத்தான், இது சொல்லுமேன்னு குந்திட்டேன். காதுதான் போச்சுன்னு இருந்தேன், புத்தியும் போச்சு. கூட்டிட்டுப் போ. உன் வீட்ல நல்லா இருப்பா."

உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தாள். "தம்பி, அவரு சாப்பிடலைடா. நேத்துலேர்ந்து சாப்பிடல. சொல்லு அவருக்கு. எம்மேல தப்பு, நான் இறங்கியிருக்கக் கூடாதுன்னு சொல்லு."

அத்தானுக்குக் கேட்கவில்லை. வயர்மேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சொல்லப் போகிறான் என்று. இதைச் சொல்வதா, விடுவதா, சுருக்குவதா, எல்லாம் பழையபடி வயர்மேன் கையில் இருந்தது. பேசாமல் நாற்காலியைத் தூக்கினால் போதும்.

அவர் கைபேசியை வாங்கினார். எழுத்துக் காட்டுகிறதைத் திறந்தார். இரண்டாம் தரம்தான் விரல் சரியாகப் பட்டது. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் ஏறி நிற்கும்போது கீழே இருப்பவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உங்க கை படல அத்தான். நான்தான் அணைச்சேன். ஞாயித்துக்கிழமை. தெரிஞ்சேதான் அணைச்சேன்."

திரையைத் திருப்பி நீட்டினார்.

அத்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படித்தார். வயர்மேனைப் பார்த்தார். ஒரு மாதிரிச் சிரிக்கப் பார்த்தார். "இது தப்பா எழுதுதுடா. அன்னிக்குக்கூட தலையணையைத் தலைவலின்னு எழுதுச்சு. என்ன சொன்னே நீ? திருப்பிச் சொல்லு."

தப்பித்துக்கொள்ளக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. ஆமாம் அத்தான், அதுக்கு என்ன தெரியும், சனியன் என்று ஒரு வார்த்தை போதும்.

"சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார் வயர்மேன். அதுவும் திரையில் ஏறியது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"ஏன்?" என்றார் அத்தான். அவருக்குச் சத்தம் குறைத்துப் பேசத் தெரியாது. அந்த ஏன் மட்டும் சின்னதாக வந்தது.

"வீட்ல யாரும் இல்ல அத்தான். அக்கா வந்தா நல்லா இருக்கும்னு..." அவர் நிறுத்தினார். கைபேசியும் அங்கேயே நின்றது. "மக வீட்டுக்குப் போற விஷயமும் அப்படித்தான். அக்கா உங்களோட வரேன்னுதான் சொன்னா. நான் மாத்தி எழுதினேன். போனா ரெண்டு பேரும் அங்கேயே தங்கிடுவீங்கன்னு."

அத்தான் நின்றபடியே படித்து முடித்தார். அடிப்பார் என்று வயர்மேன் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தான் கைபேசியைப் பிடுங்கவும் இல்லை. மெதுவாக வாங்கி, ஒலி அறிவிப்பைத் திறந்து, வயர்மேனுக்கு முன்னால் பிடித்தார்.

"எதை அழுத்தினே? காட்டு."

காட்டினார்.

"நான் அழுத்துறேன். நீ தொடாத."

சாம்பல் நிறம் நீலம் ஆனது. அத்தான் கைபேசியைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "போய்ப் பையை எடுத்துட்டு வா. வண்டியை அனுப்பிடு."

பையோடு இரண்டு மாடி ஏறும்போது மூன்று இடத்தில் நின்றார். கீழ்வீட்டு டீச்சர் கதவருகில் நின்றுகொண்டு, "என்ன வயர்மேன், கூட்டிட்டுப் போகலையா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார். அதற்கு மேல் கேட்டிருந்தால் அவளிடமும் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

மேலே, அத்தான் கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னறையில் வைத்த கைபேசி இப்போது அவர் மடியில் இருந்தது. வயர்மேன் பையைச் சுவரோரமாக வைத்தார். சட்டைப்பையில் இருந்த மாத்திரைக் காகிதத்தை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"அக்கா" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த துணியோடு ஒன்றேகால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தவள். அவள் கைபேசியைப் பார்த்துப் பேசினாள். தம்பிக்குக் கேட்காத குரலில், சின்னதாக, நிறையப் பேசினாள். கைபேசி எழுதிக்கொண்டே போனது. அத்தான் தட்டை வைத்துவிட்டு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

வயர்மேன் காத்து நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் நின்றதில்லை.

"என்ன அத்தான் சொல்றா?"

அத்தான் நிமிர்ந்தார். சுருக்கலாமா என்று அவரும் யோசித்ததுபோல இருந்தது. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் முதல் வரியிலிருந்து, ஒரு சொல் விடாமல் வாசிக்க ஆரம்பித்தார்.